ஒழுக்குக்குக் கீழே வைத்த சட்டி

கேள்வி: நான் தரம் 9 படிக்கிறன். பாடசாலை மலருக்கு முதல்முதலா ஒரு கவிதை குடுத்தனான். போன வருஷம் அம்மம்மா செத்துப்போனா. அதுக்குப் பிறகு வந்த முதல் மாரியை நினைச்சு எழுதினது. மழை பெய்தா ஒழுக்குக்குக் கீழ அவ வைக்கிற சருவச்சட்டியை இந்த முறை நான்தான் எடுத்து வைச்சன். கவிதை இதுதான்:

மழையே மழையே வானத்தின் கண்ணீரே
உயிரே அம்மம்மா நீ எங்கே
நிலவில்லா வானமாய் என் நெஞ்சம்
உன் நினைவே என் தாலாட்டாய் ஆனதே

"எல்லாம் சினிமாப் பாட்டில கேட்ட சொல்லாக் கிடக்கு, மாத்திக்கொண்டு வாரும்" எண்டு ரீச்சர் சொன்னவ. சொல்லை மாத்திப் பார்த்தன், திரும்பவும் அதே மாதிரித்தான் வருது. இன்னும் இரண்டு கிழமை இருக்கு. என்ன செய்யிறது?

பதில்:

பிள்ளை, உம்முடைய கவிதையை இரண்டு தடவை வாசித்தேன். கவிதைக்கு மேலே நீர் எழுதியிருக்கிற வசனத்தை ஐந்தாறு தடவை வாசித்தேன். "ஒழுக்குக்குக் கீழ அவ வைக்கிற சருவச்சட்டியை இந்த முறை நான்தான் எடுத்து வைச்சன்." நீர் எழுத நினைத்த கவிதை அந்த வசனத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள நாலு வரிக்குள் அது வந்து சேரவில்லை. ஏன் வரவில்லை என்று விளங்கினால், சொல்லை மாற்றியும் ஏன் சரிவரவில்லை என்பதும் விளங்கும்.

சினிமாப் பாட்டு எப்படி உண்டாகிறது என்று பாரும். பெரும்பாலும் மெட்டுத்தான் முதலில் வரும். இசையமைப்பவர் "தன்னன்னா தானன்னா" என்று ஓசையைக் கொடுப்பார். பாட்டு எழுதுபவர் அந்த அளவுக்குள் சொல்லை வைப்பார். மெட்டு நீண்டு போகும் இடத்தில் அவருக்கு ஒரு நெடில் வேண்டும். "நிலவு" என்று நிறுத்தினால் அந்தக் கடைசி உகரத்தில் குரலை இழுக்க வசதி இல்லை. "நிலவே" என்றால் எவ்வளவு தூரமும் இழுக்கலாம். உயிரே, மலரே, ஆனதே, போனதே என்று பாட்டு முழுக்க ஏகாரம் வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த 'ஏ' பாடுகிறவரின் மூச்சுக்கு இடம் கொடுக்கிறது. யார், எங்கே, எதற்காக அழுகிறார் என்பதைத் திரையில் ஓடும் காட்சி சொல்லிவிடும். சோகத்தின் பாதியை வயலின் சொல்லிவிடும். ஆகவே சொல் பொதுவாக இருந்தாலும் பாட்டுக்குக் குறை இல்லை. பாட்டு எழுதுபவர் தெரிந்துதான் அப்படி எழுதுகிறார்.

மலரில் உம்முடைய கவிதைக்கு மெட்டும் இல்லை, குரலும் இல்லை, காட்சியும் இல்லை. வெள்ளைத் தாளில் நாலு வரி மட்டும்தான். நீர் "உயிரே" என்று எழுதும்போது உமக்குள்ளே எங்கோ ஒரு மெட்டு கேட்கிறது. அதனால்தான் எழுதி முடித்ததும் மனம் நிறைந்த மாதிரி இருக்கும். வாசிக்கிறவருக்கு அந்த மெட்டு கேட்காது. அவருக்குக் கிடைப்பது வெறும் விளிச்சொல்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கவிதையைச் சத்தமாக வாசியும். எந்த வரியில் உம்முடைய குரல் தானாகவே ஒரு ராகத்தில் ஏறுகிறதோ, அந்த வரி பாட்டிலிருந்து வந்தது. பேசுகிற குரலிலேயே நின்றால் அது உம்முடையது. நான் மலர்க்குழுவில் இருந்த காலத்தில் பிள்ளைகளை முன்னால் இருத்தி இப்படி வாசிக்கச் சொல்வேன். பெரும்பாலும் நான் ஒன்றும் சொல்லாமலே அவர்களே அந்த வரியில் நின்றுவிடுவார்கள்.

இனி, சொல்லை மாற்றிய கதை. "நிலவே" என்பதை எடுத்துவிட்டு "பனையே" என்று வைத்தால் என்ன நடக்கும்? "நம்முடைய மண்ணின் சொல்லைப் போடு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளும் பனை, கிடுகு வேலி, ஒழுங்கை, படலை எல்லாவற்றையும் கொண்டுவந்து வைப்பார்கள். "பனையே பனையே மண்ணின் தாயே" என்பதும் இரவல்தான், வேறு வீட்டில் வாங்கிய இரவல். யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதினவர்கள் அந்தச் சொற்களையும் தேயத் தேயப் பாவித்துவிட்டார்கள். பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு வசனத்தின் அமைப்பை அப்படியே வைத்திருப்பதில்தான் பிழை இருக்கிறது. ஒன்றைக் கூப்பிடுவது, நீ எங்கே என்று கேட்பது, நெஞ்சை ஏதோ ஒன்றுக்கு ஒப்பிடுவது, "ஆனதே" என்று முடிப்பது: இந்த அச்சுக்குள் எந்தச் சொல்லை ஊற்றினாலும் அதே உருவம்தான் வரும்.

உம்முடைய நாலு வரியையும் ஒவ்வொன்றாக எடுப்போம். அம்மம்மா என்ற இடத்தில் வேறு யாரையாவது வைத்துப் பாரும், காதலியை, வெளிநாடு போன நண்பனை, யாரையும். இரண்டாவது வரி அப்படியே பொருந்துகிறது. மூன்றாவதும் பொருந்துகிறது. ஆக, உம்முடைய அம்மம்மாவைத் தவிர எல்லாரும் அந்த வரிகளுக்குள் வந்து போகலாம். அதோடு, மழைக்கால இரவில் நிலவு இல்லாதது புதினம் இல்லை. முகில் மூடியிருந்தால் யாருக்கும்தான் நிலவு இல்லை.

முதல் வரி வேறு விதமாகப் பிழைக்கிறது. மழையை வானத்தின் கண்ணீர் என்று எழுதியிருக்கிறீர். குடாநாட்டில் மழை யாருடைய கண்ணீர்? எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மாரி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நின்றால்தான் அடுத்த கோடையில் கிணற்றில் தண்ணீர். வயல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை உம்முடைய அம்மம்மாவின் தலைமுறை. மழை வந்தால் அவ அழுதிருப்பாவா, ஆறுதல்பட்டிருப்பாவா? அம்மாவிடம் கேட்டுப் பாரும். கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க ஓடியிருப்பா, விறகை உள்ளே இழுத்துப் போட்டிருப்பா, பிறகு சட்டியைத் தேடியிருப்பா. மழை அவவுக்கு வேலை. "கண்ணீர்" என்ற ஒரு சொல் அந்த வேலை முழுவதையும் மறைத்துவிட்டது. இரவல் சொல்லால் வருகிற உண்மையான நட்டம் இதுதான். உமக்குத் தெரிந்த ஒன்றை, உமக்கே தெரியாமல் அது மூடிவிடுகிறது.

நாலாவது வரியில் இருக்கிற "தாலாட்டு" பற்றி நான் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அம்மம்மா உம்மைப் பாடி நித்திரையாக்கியது உண்மையானால், அந்தப் பாட்டில் ஒரு அடியாவது உமக்கு நினைவிருந்தால், அந்தச் சொல் உம்முடையது. சினிமாவில் வருகிறது என்பதற்காக அதைத் தள்ளவேண்டாம். நிலவும் மழையும் யாருடைய சொத்தும் இல்லை. நடந்ததைச் சொல்ல அந்தச் சொல் வந்ததா, வரியை நிரப்ப வந்ததா என்று மட்டும் பாரும்.

இப்போது உம்முடைய வசனத்துக்கு வருவோம். அதில் மூன்று இடத்தில் எனக்கு மனம் நின்றது.

முதலாவது, "அவ வைக்கிற" என்று எழுதியிருக்கிறீர். "அவ வைச்ச" என்று எழுதவில்லை. ஒரு வரி முன்னாலேதான் அம்மம்மா செத்துப்போனா என்று சொன்னீர். அடுத்த வரியில் அவ இன்னும் சட்டி வைத்துக்கொண்டிருக்கிறா. நீர் யோசித்து எழுதியிருக்க மாட்டீர், பேசுகிற மாதிரி எழுதியதால் அப்படி வந்தது. ஒருவர் போய் ஒரு வருடமான பிறகும் அவருடைய வேலை நிகழ்காலத்தில் இருப்பதுதான் அந்த வீட்டின் துக்கம். "வைக்கிற" என்பதில் அது முழுவதும் இருக்கிறது. ரீச்சரோ வேறு யாரோ இதை "வைத்த" என்று திருத்த வந்தால் விடவேண்டாம்.

இரண்டாவது, "இந்த முறை". இது இத்தனையாவது தடவை என்ற கணக்கையும் சொல்கிறது, யாருடைய முறை என்பதையும் சொல்கிறது. வேலை ஒன்று கைமாறியிருக்கிறது. அம்மாவுக்கும் போகாமல் உமக்கு வந்திருக்கிறது.

மூன்றாவது, "நான்தான்". இதை இப்படி மாற்றி எழுதிப் பாரும்: "நானே வைச்சன்." அதில் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது, யாருடைய உதவியும் இல்லாமல் செய்தேன் என்கிற மாதிரி. "நான் வைச்சன்" என்றால் வெறும் தகவல். "நான்தான் வைச்சன்" என்றால் வைக்கவேண்டியவர் இல்லை, அதனால் நான் என்று கேட்கிறது. பாட்டில் மூச்சுக்காக வந்த 'ஏ'யையும் பேச்சில் பொருளோடு வந்த 'தான்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு எழுத்து எங்கே உழைக்கிறது, எங்கே சும்மா நிற்கிறது என்று தெரியும்.

ஆகவே ஒரு புதுச் சொல்லும் சேர்க்காமல், உம்முடைய வசனத்தை மடித்து மட்டும் எழுதிப் பார்த்தேன்.

அம்மம்மா

மழை பெய்தால்
ஒழுக்குக்குக் கீழே அவ வைக்கிற
சருவச்சட்டியை
இந்த முறை
நான்தான் எடுத்து வைச்சன்.

தலைப்பு இங்கே ஒரு வேலை செய்கிறது. அம்மம்மா என்று மேலே இருப்பதால், கவிதைக்குள் அவவின் பெயரும் வேண்டியதில்லை, அவ இல்லை என்ற செய்தியும் வேண்டியதில்லை. "இந்த முறை" என்பது தனி வரியாக நிற்கும்போது வாசிக்கிறவர் அங்கே ஒரு கணம் நிற்பார். அந்தக் கணத்தில் அவருக்கே விளங்கிவிடும். வரியை வேறு இடத்தில் உடைத்துப் பாரும். "இந்த முறை நான்தான்" என்று ஒன்றாக வைத்தால் அந்த நிற்பு போய்விடும். தமிழில் வினை கடைசியில் வருவதால், வரி முடிகிற இடத்தில் எதை நிறுத்துகிறோம் என்பது பெரிய காரியம். "எடுத்து வைச்சன்" என்று சின்ன வேலையில் முடிவது நல்லது. அது அழவில்லை, வேலையைச் செய்துவிட்டு நிற்கிறது.

இலக்கணத்தில் முதல், கரு, உரி என்று சொல்வார்கள். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தில் உள்ள உணவு, மரம், பறவை, தொழில் போன்றவை கரு. மனத்தில் நடப்பது உரி. உம்முடைய முதல் கவிதையில் உரி மட்டும்தான் இருந்தது, அதுவும் நாலு தடவை. இந்த ஐந்து வரியில் மழை பெய்கிற பொழுது இருக்கிறது, ஒழுகுகிற கூரை இருக்கிறது, சட்டி இருக்கிறது. உரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் அது கேட்கிறது. பழைய புலவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

இதை அப்படியே மலருக்குக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் இரண்டு கிழமை இருக்கிறது என்கிறீர். அதனால் கொஞ்சம் வளர்த்துப் பார்க்கலாம். எட்டுப் பத்து வரிக்கு மேல் போகவேண்டாம்.

வளர்ப்பதற்குக் கவிதை எழுத இருக்கவேண்டாம். அந்த வீட்டுக்கு ஒருநாளும் வராத ஒரு சிநேகிதியிடம் அந்த இரவைச் சொல்லும். வீட்டில் போன் இருந்தால் நீர் சொல்வதைப் பதிவு செய்து வையும். அவள் குறுக்கே கேட்கிற கேள்விகள் முக்கியம், ஏனென்றால் அவளுக்கு மெட்டும் தெரியாது, வீடும் தெரியாது. பிறகு பதிவைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி கொப்பியில் எழுதும், வரி உடைக்காமல். இரண்டு நாள் கழித்து அவளிடம், நான் சொன்னதில் உனக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளும். அவள் திருப்பிச் சொல்கிற இரண்டு மூன்று காரியம்தான் கவிதைக்குரியவை. "கவலையாக இருந்தது" என்று நீர் பத்துத் தடவை சொல்லியிருப்பீர், அது அவளுக்கு நினைவிருக்காது. சட்டி நினைவிருக்கும்.

சிநேகிதி கேட்காவிட்டாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்று. சட்டியை எந்த இடத்தில் வைக்கவேண்டும் என்று உமக்கு எப்படித் தெரிந்தது? இருட்டில் துளியின் சத்தத்தைக் கேட்டுப் போனீரா? வருடக்கணக்காக வைத்து வைத்து, சீமெந்து நிலத்தில் வட்டமாக ஒரு அடையாளம் விழுந்திருந்ததா? யாராவது சொன்னார்களா, அல்லது முதலில் பிழையான இடத்தில் வைத்தீரா? இதில் எது நடந்ததோ அதுதான் அடுத்த வரி. நடக்காத ஒன்றை அழகாக இருக்கிறது என்று எடுக்கவேண்டாம், நான் இப்போது சொன்ன வட்டத்தையும் சேர்த்துத்தான். என்னுடைய வாயிலிருந்து எடுத்தாலும் இரவல்தான்.

எங்கள் வீட்டிலும் ஒழுக்கு இருந்தது. வெறும் சட்டியில் துளி விழும்போது டங், டங் என்று வீடு முழுக்கக் கேட்கும். தண்ணீர் கொஞ்சம் நின்ற பிறகுதான் சத்தம் தணியும். அம்மா சட்டிக்குள் ஒரு பழந்துணியைப் போட்டு வைப்பா. துளி துணியில் விழும், சத்தம் வராது, நாங்கள் நித்திரை கொள்வோம். அந்தத் துணி எதற்கு என்று எனக்குப் பத்து வயதுக்குப் பிறகுதான் விளங்கியது. இதை எழுதும்போது நான் "பாசம்" என்ற சொல்லைத் தேடவில்லை, துணி போதுமாக இருந்தது. உம்முடைய அம்மம்மாவின் சட்டியிலும் இப்படி ஏதாவது இருக்கும், நிரம்பினதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவா என்பதாகக்கூட இருக்கலாம்.

இரண்டாவது தடவை எழுதும்போது எங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசி வரியில். முழுக் கவிதையையும் நல்லபடி எழுதிக்கொண்டு வந்து, முடிக்கிற இடத்தில் பயம் வந்துவிடும். வாசிக்கிறவருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று "நீ இல்லாத வீடு வெறும் கூடு" என்று ஒன்றைப் போடத் தோன்றும். சினிமாப் பாட்டு வாசலால் போய்ப் பின்வளவால் திரும்பி வருகிற இடம் அது. கவிதையை முடித்ததும் கடைசி வரியைக் கையால் மூடிவிட்டு வாசியும். மூடின பிறகும் விளங்கினால் அந்த வரியை வெட்டும். சில வேளை கடைசி இரண்டு வரியும் போகவேண்டியிருக்கும்.

ஓசை இல்லாமல் போய்விடுமே என்று யோசிக்கவேண்டாம். மேலே உள்ள ஐந்து வரியில் "ஒழுக்குக்குக் கீழே" என்பதில் வல்லினம் அடுத்தடுத்து விழுவதைக் கேட்டீரா? துளி விழுகிற மாதிரி இருக்கிறது. நீர் தேடி வைக்கவில்லை, பேச்சுக்குள் இருந்தது. எதுகை மோனை தானாக வந்தால் வையும். எதுகைக்காக ஒரு சொல்லைத் தேடத் தொடங்கினால், முதலில் கைக்கு வருவது பாட்டில் கேட்ட சொல்லாகத்தான் இருக்கும், ஏனென்றால் அவை சோடி சோடியாகவே மனத்தில் பதிந்திருக்கின்றன. ஓசையும் பேச்சும் ஒன்றாகப் போகாது என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். அளவெட்டியில் பிறந்த கவிஞர் மஹாகவி உருத்திரமூர்த்தி யாப்பை விடாமலே எங்கள் பேச்சின் ஓசையில் எழுதியவர். நூலகத்தில் அவருடைய தொகுப்பு இருந்தால் இந்த இரண்டு கிழமைக்குள் நாலைந்து கவிதையாவது சத்தமாக வாசியும். உம்முடைய காதுக்குள் இருக்கிற மெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓசையும் போய் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கதி. "வைச்சன்" என்று எழுதினால் மலர்க்குழுவில் யாராவது "வைத்தேன்" என்று திருத்தக்கூடும். அச்சுக்குப் போன பிறகுதான் உமக்குத் தெரியவரும். அதனால் நீரே முதலில் முடிவெடும். முழுக் கவிதையையும் பேச்சில் வைக்கலாம், அப்போது "பெய்தால்" என்பது "பெய்தா" ஆகவேண்டும், "கீழே" என்பது "கீழ" ஆகவேண்டும். அல்லது எழுத்து வழக்கில் வைத்துவிட்டு "அவ", "வைச்சன்" இரண்டை மட்டும் விடலாம். நான் மேலே அப்படித்தான் வைத்திருக்கிறேன், அம்மம்மாவை "அவர்" என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்தியப் படத்துப் பேச்சு மட்டும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளும். "வச்சேன்" என்றும் "தூறல்" என்றும் கை தானாக எழுதிவிடும். உம்முடைய வீட்டில் மழை துமிக்குது என்று சொன்னால் துமிக்குது என்றே இருக்கட்டும். நல்ல பிரதியைக் கொடுக்கும்போது எந்தெந்தச் சொல்லைத் திருத்தவேண்டாம் என்று ரீச்சரிடம் வாயாலும் சொல்லும், அந்தச் சொற்களின் கீழே பென்சிலால் ஒரு கோடும் போட்டுக் கொடும்.